93 சதவீதம் என்றதும் சந்தோஷப்பட்டது தப்பு

லேன்ட்சாட் 8 செயற்கைக்கோள் படத்தில், பல பட்டைகளின் தகவலை மாறுபாடு அதிகமுள்ள வரிசையில் புதிய கூறுகளாக மாற்றும் முதன்மைக் கூறு பகுப்பாய்வைச் சொந்தமாகச் செய்து பார்ப்பது என்று உட்கார்ந்தேன். வறண்ட மலைப்பகுதி, நடுவே ஒரு ஏரி. நீலத்திலிருந்து இரண்டாம் குற்றலை அகச்சிவப்பு வரை, B2 முதல் B7 வரையிலான ஆறு பட்டைகள். எண்களை எதிரொளிப்புச் சதவீதமாக மாற்றிக்கொண்டேன். `stack` ஆறு பட்டைகளையும் அடுக்கியது, `mask` கணக்கில் சேரும் பிக்சல்கள், முதலில் எல்லாப் பிக்சல்களும். முழுக்கணக்கும் இவ்வளவுதான்:

```python
X = stack[:, mask].T
Xc = X - X.mean(axis=0)
C = np.cov(Xc, rowvar=False)
w, V = np.linalg.eigh(C)
w, V = w[::-1], V[:, ::-1]
pc = Xc @ V
```

ஐந்தாவது வரியை நான் முதலில் எழுதவில்லை. `eigh` ஐகன் மதிப்புகளை, அதாவது ஒவ்வொரு கூறும் சுமக்கும் மாறுபாட்டை, சிறியதிலிருந்து பெரியதாகத்தான் தரும். வெறும் புள்ளி இரைச்சலை முதல் கூறு என்று நம்பி அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்ததும் முதல் கூறுக்கு 93 சதவீத மாறுபாடு வந்தது. அடடா, ஆறு பட்டையும் ஒன்றில் அடங்கிவிட்டதே என்று குஷியாகி, அந்தக் கூறைப் படமாகப் பார்த்தால் மலையும் இல்லை, ஏரியும் இல்லை. ஒரு மூலையில் கருப்பு முக்கோணம், மற்றதெல்லாம் வெளுப்பு.

நான் வெட்டிய துண்டு காட்சியின் சாய்வான ஓரத்தில் விழுந்திருந்தது. பிக்சல்களில் பத்தில் ஒரு பங்கில் தரவே இல்லை, மதிப்பு 0. இந்த மேற்பரப்பு எதிரொளிப்புத் தரவில் `dn` எனும் மூல எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். ஆக அந்த 0, எதிரொளிப்பில் −20 சதவீதம் ஆகிவிட்டது! நிலத்தின் சராசரி அண்மை அகச்சிவப்புப் பட்டையான B5-இல் 25 சதவீதம். இரண்டுக்கும் இடைவெளி 45. பத்து சதவீதப் பிக்சல்கள் இவ்வளவு விலகி நின்றால், அந்த ஒரு பட்டையில் மட்டும் 0.1 × 0.9 × 45², அதாவது சுமார் 182 அளவுக்குப் போலி மாறுபாடு சேரும். ஆறு பட்டைகளின் உண்மையான மொத்த மாறுபாடே 94தான் என்று பிறகு தெரிந்தது. முதல் கூறு அளந்தது நிலத்தை அல்ல, தரவு இருக்கிறதா இல்லையா என்பதை.

`mask = (dn > 0).all(axis=0)` என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். இப்போது ஐகன் மதிப்புகள் 61.2, 27.4, 4.1, 0.8, 0.3, 0.2. மொத்தம் 94.0, பட்டைகளின் மாறுபாடுகளைக் கூட்டினாலும் அதேதான் வர வேண்டும், வந்தது. முதல் கூறு 93-இலிருந்து 65 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த முறை அது வெயில் பட்ட சரிவையும் நிழல் சரிவையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இரண்டாவது கூறில் செடிகொடிகள்.

முதல் மூன்றும் சேர்ந்தால் 98.6 சதவீதம். மீதியைத் தூக்கிப் போடலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். சும்மா நான்காவதன் ஐகன் திசையனை, அதாவது அந்தக் கூறில் ஒவ்வொரு பட்டைக்கும் உள்ள எடையைப் பார்த்தேன்: B6-க்கு +0.6, B7-க்கு −0.7, மற்றவை சிறியவை. களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். அது B7-க்குள் விழுகிறது, B6-இல் அந்த உறிஞ்சல் இல்லை. ஆக, களிமண் இருக்கும் இடம் இந்தக் கூறில் பளிச்சென்று தெரிய வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு வளைந்த பட்டை அப்படித்தான் தெரிந்தது. மொத்த மாறுபாட்டில் அதன் பங்கு 0.9 சதவீதம்!

ஐந்தும் ஆறும் வேறு கதை. ஆறாவதில் படம் முழுக்க லேசாகச் சாய்ந்த இணைகோடுகள். செயற்கைக்கோள் போன பாதைக்கு இணையாக அவை ஓடுவதால், உணர்கருவியின் கைவரிசை என்று முடிவு செய்தேன். ஆனால் மென்பொருள் ஒவ்வொரு கூறின் வெளிச்ச அளவையும் கருப்பிலிருந்து வெள்ளை வரை தனித்தனியே இழுத்துக் காட்டுவதால், கண்ணுக்கு ஆறாவதும் முதலாவதும் ஒரே அழுத்தத்தில் தெரிகின்றன. வர்க்கமூலம் எடுத்தால்தான் வித்தியாசம் உறைக்கிறது: முதலாவதன் திட்டவிலக்கம் 7.8, ஆறாவதுக்கு 0.45.

நான்காவது கூறில் ஒரு சிக்கல் இருந்தது. ஏரிக்கரை மரங்களும் அதே வெளிச்சத்தில் மின்னின. இலையில் இருக்கும் நீரும் B6-ஐ விட B7-ஐக் கூடுதலாக உறிஞ்சுமே. அதனால் தாவரக் குறியீடு அதிகமுள்ள பிக்சல்களையும் மறைத்துவிட்டு மூன்றாவது தடவை கணக்கிட்டேன். மொத்த மாறுபாடு 58 ஆனது. B6-உம் B7-உம் எதிரெதிராக நிற்கும் கூறு மூன்றாம் இடத்துக்கு ஏறியது, ஐகன் மதிப்பு 0.7. திறந்து பார்த்தால் அடிவாரப் பட்டை கருப்பாக இருந்தது. ஒரு கணம் பதறிவிட்டேன். அப்புறம் திசையனைப் பார்த்தால் B6 இப்போது எதிர்க்குறி, B7 நேர்க்குறி. திசையன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பதைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. −1 ஆல் பெருக்கிச் சேமித்தேன்.