கையொப்பத்திற்குக் கீழே இருந்த இரண்டு வரிகள்

“நான் கடைசி வரியைத்தான் தம்பி வாசிச்சனான். மேல உள்ளது எல்லாக் கடிதத்திலயும் இருக்கிறதுதானே.”

வெள்ளவத்தையில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் தொலைபேசியில் எனக்குச் சொன்ன வார்த்தைகள் இவை. அதற்குச் சற்று முன்னர் நான் அவரிடம், “கடிதத்தின் மூன்றாம் பந்தியில் அதைத் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறோம், டீச்சர்” என்று கூறியிருந்தேன். நான் கூறியது உண்மை. ஆயினும் அந்த உரையாடலை நினைக்கும்போதெல்லாம் என் பதிலைத்தான் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏசி பராமரிப்புக்கான வருடாந்த ஒப்பந்தத்தைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டும் கடிதம் அது. பல ஆண்டுகளாக எங்கள் கடிதங்கள் “தங்கள் மேலான ஆதரவை நாடி நிற்கின்றோம்” என்ற வரியோடுதான் முடிந்துவந்தன. மரியாதையான வரிதான். ஆனால் கடிதத்தை வாசித்து முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. எவரை அழைப்பது, எப்போது அழைப்பது, அழைத்தால் என்ன கிடைக்கும் என்ற மூன்றுக்கும் அதில் விடை இல்லை. அந்த வரியை விட்டுவைத்து, கையொப்பத்திற்குக் கீழே ஒரு பின்குறிப்பைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று முதலாளியிடம் கேட்டவன் நான்தான்.

நான் எழுதியது இது: “பி.கு.: மார்ச் 25ஆம் திகதிக்கு முன் அழைத்தால் உங்கள் ஏசியை இலவசமாகப் பரிசோதித்துத் தருவோம். உங்கள் வாடிக்கையாளர் இலக்கத்தைச் சொன்னால் போதும்.” திகதியை நான் சும்மா இடவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் தொழில்நுட்பவியலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்கு முந்திய இரண்டு வாரங்களும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகளால் நிறைந்துவிடும். காரணமில்லாத கெடு வைத்துவிட்டு, அது கடந்த பின்னரும் அதே சலுகையைக் கொடுத்தால், அடுத்த ஆண்டு எந்தக் கெடுவையும் எவரும் நம்பமாட்டார்கள்.

பின்குறிப்பால் என்ன பயன் என்பதை அறிய 1,200 பெயர்களை இரண்டாகப் பிரித்தோம். எங்கள் பட்டியல் பழையவர்களில் தொடங்கிப் புதியவர்களில் முடிவதால், முதற்பாதி, பின்பாதி என்று வெட்டினால் பழையவர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டதாகிவிடும். ஆகவே ஒன்றுவிட்டொரு பெயராக எடுத்து, ஒரே உறை, ஒரே தாள், ஒரே நாளில் தபாலில் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் சமமாக வைத்து, ஒரு பிரிவுக்குப் பின்குறிப்போடும் மறுபிரிவுக்கு அது இல்லாமலும் அனுப்பினோம். வரும் அழைப்பு எந்தப் பிரிவுக்குரியது என்பதை வாடிக்கையாளர் இலக்கம் காட்டிக்கொடுத்தது. பின்குறிப்பு இல்லாத 600 கடிதங்களுக்கு 11 அழைப்புகள் வந்தன. உள்ள 600க்கு 25. இப்படிச் சமமாகப் பிரித்த இரண்டு எண்ணிக்கைகளுக்கு இடையிலான வித்தியாசம், மொத்தப் பதில்களின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கைத் தாண்டினால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். 36இன் வர்க்கமூலம் 6, இருமடங்கு 12, எங்கள் வித்தியாசம் 14. அன்று மாலை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

இது ஏன் நடக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தேயிருந்தது. கடிதம் வாசிப்பவரின் கண்ணசைவைக் கருவி வைத்து ஆராய்ந்தவர் ஜேர்மனியரான சீக்பிரீட் வோகலே. உறையைப் பிரிப்பவர் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை ஒழுங்காக இறங்கி வருவதில்லை. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மேலே பார்ப்பார். எழுதியவர் யார் என்று அறியக் கையொப்பத்துக்குத் தாவுவார். கண் அங்கே நிற்கும்போது, பின்குறிப்பு அதற்கு நேர் கீழே கிடக்கிறது. பலர் கடிதத்தின் உடலுக்குள் நுழைவதற்கு முன்னரே அதை வாசித்துவிடுகிறார்கள். சிலர் நுழைவதேயில்லை.

ஆசிரியை அந்தச் சிலரில் ஒருவர். அவருடைய வீட்டுக்குப் போன எங்கள் பையன், செப்புக் குழாயின் மூட்டு ஒன்றில் கசிவு இருப்பதைக் கண்டு, அதைச் சரிசெய்து கேஸ் போட வேண்டும், போடட்டுமா என்று கேட்டிருக்கிறான். இலவசம் என்ற எண்ணத்தில் அவர், “போடுங்கோ” என்றிருக்கிறார். பற்றுச்சீட்டு 14,000 ரூபாவுக்கு வந்தது. பரிசோதனையின்போது வாயு நிரப்பவோ பாகங்கள் மாற்றவோ நேர்ந்தால் அதற்கான செலவு தனியாக அறவிடப்படும் என்பதுதான் மூன்றாம் பந்தியில் இருந்த நிபந்தனை. அவர் சண்டை பிடிக்கவில்லை. முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டு, மறுநாள் என்னை அழைத்து, தான் விளங்கிக்கொண்டதில் எங்கே பிழை என்று மட்டும் கேட்டார்.

பரிசோதனைதான் இலவசம் என்று எழுதினேனே தவிர, திருத்தம் இலவசம் என்று எங்கும் எழுதவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் மக்கள் பின்குறிப்பை முதலில் வாசிப்பார்கள், பலர் அதை மட்டுமே வாசிப்பார்கள் என்ற அறிவை வைத்துத்தான் நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். சலுகையைக் கண் விழும் இடத்திலும் நிபந்தனையைக் கண் விழாத இடத்திலும் வைத்தவன், மூன்றாம் பந்தியைக் காட்டிப் பேசலாமா? இதற்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லிக்கொள்ளவில்லை.

மே மாதம் வேறொரு பட்டியலில் 600 பேருக்கு எழுதியபோது, திகதியை மாற்றி, பின்குறிப்பில் இன்னொரு வரியைச் சேர்த்தேன்: “வாயுவும் உதிரிப்பாகங்களும் தேவைப்பட்டால், விலையை முன்கூட்டியே எழுதித் தந்து, உங்கள் சம்மதம் பெற்ற பின்னரே வேலை தொடங்கும்.” 17 அழைப்புகள் வந்தன. “எட்டுப் பேரை அந்த வரி துரத்திவிட்டது” என்றார் முதலாளி. 25க்கும் 17க்கும் உள்ள வித்தியாசம் 8. 42இன் வர்க்கமூலத்தின் இருமடங்கு ஏறத்தாழ 13. ஆகையால் இது தற்செயலாகவும் இருக்கலாம், தவிர மாதமும் பட்டியலும் வேறு, இரண்டு பின்குறிப்புகளையும் ஒரே நாளில் ஒரே பட்டியலுக்கு அனுப்பினால்தான் தெரியும் என்று விளக்கினேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மார்ச் மாதத்தில் எனக்குச் சாதகமான விடையைத் தந்த கணக்கை, மேயில் எனக்குப் பிடிக்காத விடையை மறுப்பதற்கும் எடுத்துக்கொண்டேனோ என்ற சந்தேகம் அப்போதே வந்தது. கணக்கு இரண்டு தடவையும் சரியானதுதான். மீண்டும் சோதித்து, அந்த வரி உண்மையிலேயே பதில்களைக் குறைக்கிறது என்று தெரியவந்தால் அதை எடுத்துவிடச் சொல்வார்களே என்ற அச்சமும் எனக்கு இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். மார்ச்சில் பின்குறிப்பு இல்லாத 11 அழைப்புகளிலிருந்து 7 ஒப்பந்தங்கள் கிடைத்தன. பின்குறிப்பு இருந்த 25இலிருந்து 9. மேயில் 17இலிருந்தும் 9. இவ்வளவு சிறிய எண்களை வைத்து எதையும் நிறுவ முடியாது. எனினும், தொலைபேசி மணி அடிக்கும் தடவைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, வெறும் பரிசோதனையோடு முடிந்துபோன 16 பயணங்களின் எரிபொருளும் பையன்களின் நேரமும் கணக்கில் தெரியவில்லை.

இந்த ஆண்டுக் கடிதத்தின் அச்சுப்படி நேற்று வந்தது. நிபந்தனை வரி பின்குறிப்பில்தான் இருக்கிறது. முதலாளி இன்னும் பார்க்கவில்லை. பட்டியலைச் சரிபார்த்தபோது ஆசிரியையின் இலக்கமும் கண்ணில் பட்டது. அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவருக்கும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று குறித்துவைத்துவிட்டு, அந்த உறைக்குள் தனியாக ஒரு குறிப்பை என் கையால் எழுதி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.