அந்த 36 சதவீதம்

"தம்பி, அக்டோபர்ல தீபாவளி வந்துச்சே, அதைக் கழிச்சீங்களா?"

நாங்கள் மாற்றிக்கொடுத்த இணையதளத்தால் விற்பனை எப்படி ஏறியது என்று மற்றவர்களுக்குக் காட்ட நான் எழுதிய கேஸ் ஸ்டடி வரைவைப் படித்துவிட்டு கிளையன்ட் தரப்பு அண்ணன் போனில் கேட்டது அவ்வளவுதான். சேலத்துக்காரர், வியாபாரம் தெரிந்தவர். நான் "பார்க்கிறேன்ணா" என்றேன். உண்மையில் முன்னமே பார்த்திருந்தேன்.

அவர்களுடையது சேலை விற்கும் தளம். வாங்க வந்தவர் முதலில் கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்றிருந்ததை எடுத்துவிட்டு, நேராக முகவரி, பிறகு பணம் என்று மாற்றினோம். செப்டம்பர் கடைசியில் லைவ் போனது. செப்டம்பரில் தளத்துக்கு வந்தவர்களில் 1.4 சதவீதம் பேர் வாங்கினார்கள், அக்டோபரில் 1.9. தலைப்பில் "வாங்குவோர் விகிதம் 36 சதவீதம் உயர்வு" என்று போட்டேன். கணக்கு சரிதான்.

ஆனால் முந்தைய வருஷமும் தீபாவளி அக்டோபரில்தான். அந்த வருஷம் நாங்கள் எதையுமே தொடாதபோது 1.3 என்பது 1.6 ஆகியிருந்தது, அதாவது 23 சதவீதம். அதே வேகத்தில் இந்த வருஷமும் ஏறியிருந்தால், 1.4 தானாகவே 1.7-ஐத் தாண்டியிருக்கும். எங்கள் வேலையால் வந்தது என்று சொல்லக்கூடியது பத்து சதவீதம்போல. அதுவும் உத்தேசம்தான், இரண்டு வருஷத்துப் பண்டிகையும் ஒரே மாதிரி நடந்தது என்று யார் சொன்னது?

எரிச்சல் என்னவென்றால், கையில் நல்ல எண் ஒன்று இருந்தது. பழைய தளத்தில் "வாங்கு" பொத்தானை அழுத்திய 100 பேரில் 58 பேர்தான் பணம் கட்டும் பக்கம் வரை போனார்கள். லைவ் போன மறுநாளே 71 ஆனது, அங்கேயே நின்றது. முந்தைய வருஷத் தீபாவளியிலும் அது 57தான். பண்டிகை அந்த இடத்தை அசைக்கவில்லை, நாங்கள் அசைத்தோம். நாம் கை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அளந்தால் வெளிக்காரணங்கள் அவ்வளவாக ஒட்டாது. இது தெரியாமல் இல்லை. ஆனால் "58-லிருந்து 71" என்று தலைப்பு வைத்தால் எது 58 என்று விளக்க ஒரு பத்தி வேண்டும். 36-க்கு விளக்கமே வேண்டாம்.

மேனேஜர் "பொய் ஒண்ணும் இல்லையே, கிளையன்ட் ஓகே சொன்னா போதும்" என்றார். நான் சமரசமாக, உள்ளே மூன்றாம் பத்தியில் "இக்காலத்தில் பண்டிகை விற்பனையும் இருந்தது" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். தலைப்பைத் தொடவில்லை. அண்ணன் "சரி தம்பி, போட்டுக்கங்க" என்று மட்டும் எழுதினார். அவருக்கும் தன் முதலாளியிடம் காட்ட 36 தேவைப்பட்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி என்பதும் புரிகிறது.

போன மாதம் திருப்பூரிலிருந்து வந்த ஒருவர், எங்கள் பெங்களூரு கோரமங்களா ஆபீசில் அந்த கேஸ் ஸ்டடி பக்கத்தை மொபைலில் காட்டி, "எங்களுக்கும் இவ்வளவு வருமா சார்?" என்றார்.

"உங்க பொருள் வேற, முதல்ல உங்க டேட்டாவைப் பார்த்துடலாம்" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.