ஜாண், ஜான், ஜோன்: மூன்று நாட்டுத் தமிழில் ஒரு பாகப்பத்திரம்

அப்பா இறந்த பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் உள்ள வீட்டையும் தோட்டத்தையும் நாங்கள் மூன்று பேரும் பாகம் வைத்துக்கொண்டோம். பங்கு பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை. பத்திரத்தில் எந்த எழுத்தைப் போடுவது என்பதில்தான் நாள் போனது. வெளிநாட்டில் உடன்பிறப்புகள் இருக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டி கனடாவில் இருக்கிறாள். அத்தான் நல்ல தமிழ் படித்தவர். பத்திரத்தின் முதல் வரைவை அவரே எழுதி அனுப்பினார். அதில் அக்கா வசிக்கும் ஊர் ‘ரொறன்ரோ’. அப்பா இறந்தது ‘ஓகஸ்ட் மாதம் 14ஆம் திகதி’. அண்ணன் வீட்டுப் பழுதுக்கு அனுப்பிய பணம் ‘டொலர்’. அப்பாவின் பெயர் ‘ஜோன்’. அண்ணன் அதைத் திருத்தி அனுப்பியபோது ஊர் ‘டொரான்டோ’ ஆனது, அப்பா ‘ஜான்’ ஆனார், பணம் ‘வெள்ளி’ ஆனது. சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்பதுதான் வழக்கம். ஆனால் நம் ஊரில் பத்திரத்தைப் படிப்பவர் அதை உலோகம் என்றே நினைப்பார்.

ஆவண எழுத்தர் இரண்டு வரைவையும் பார்த்துவிட்டு, “இதில நிறைய எழுத்துப்பிழை கிடக்கு சார்” என்றார். அதை நான் ஏற்கவில்லை. அத்தான் எழுதியது பிழை இல்லை, அது இலங்கைத் தமிழர் தலைமுறைகளாகக் கைக்கொண்டுவரும் முறை. ஆங்கிலத்தில் T என்ற எழுத்தின் ஒலி, நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் படுவதால் பிறக்கிறது. நம் டகரத்துக்கோ நாக்கு மடங்கி மேலே போக வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தார் பல சொற்களில் அந்த ஒலிக்கு டகரத்தை விட்டுவிட்டு, சொல்லின் முதலில் ரகரமும் நடுவில் இடத்துக்கேற்ப றகரமோ ரகரமோ போடுகிறார்கள். ரீவி, பற்றரி என்று அவர்கள் எழுதுவது இப்படித்தான். தமிழ்நாட்டில் ‘ற்ற’ என்பதை ‘ட்ர’ போல வாசிப்பதால் ‘பற்றரி’ நமக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மலையாளத்தில் பேட்டரி என்ற சொல்லை நம் ‘ற்ற’வுக்கு நேரான எழுத்தைப் போட்டுத்தான் எழுதுகிறார்கள், ஒலியும் யாழ்ப்பாணத்து ஒலிதான்.

உயிர் எழுத்திலும் அப்படித்தான். ஆங்கிலேயர் வாயில் வரும் குறுகிய ஒகரத்தை இலங்கையில் ஒகரமாகவே வைத்துக்கொண்டார்கள், நாம் ஆகாரமாகவோ அகரமாகவோ ஆக்கிக்கொண்டோம். அதனால்தான் அங்கே டொக்டர், இங்கே டாக்டர். அங்கே ஒக்டோபர், இங்கே அக்டோபர். இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தாலும் தீர்ப்பு கிடைக்காது. நன்னூல்படி டகரமும் ரகரமும் சொல்லுக்கு முதலில் வராது. அப்படியானால் டொரான்டோவும் விதியை மீறியதுதான், ரொறன்ரோவும் மீறியதுதான். எது சரி என்ற கேள்வியை அதோடு விட்டுவிட்டேன். இந்தக் காகிதத்தை யார் எங்கே வாசிக்கப் போகிறார்கள், எந்தப் பதிவோடு ஒப்பிடப் போகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன்.

பாகப்பத்திரம் போகிற இடங்கள் சார்பதிவாளர் அலுவலகம், பட்டா மாற்ற வட்டாட்சியர் அலுவலகம், பிற்காலத்தில் கடன் கேட்டால் வங்கி. எல்லாம் இந்த மாவட்டத்துக்குள்தான். அதனால் மாதம், நாணயம், வெளிநாட்டு ஊர்ப்பெயர் எல்லாம் தமிழ்நாட்டு வழக்கப்படி என்று முடிவு செய்தோம். ஆகஸ்ட், தேதி, சிங்கப்பூர் டாலர், டொரான்டோ. தமிழ்நாட்டுக்குள்ளேயே டொராண்டோ என்று ணகரம் போடுபவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரைக்கும் அதையே போட்டால் போதும்.

உள்ளூர்ப் பெயர்களுக்கு இந்த விதியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. கோயில், கோவில் இரண்டும் சரிதான், ஆனால் அரசுப் பதிவில் நாகர்கோவில் என்று இருப்பதால் பத்திரத்திலும் அதுதான். நன்செய்யா நஞ்சையா என்றால் வருவாய்க் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படி. எங்கள் விளையின் பெயரில் உள்ள ‘ளை’, அப்பாவின் 1974ஆம் வருடப் பத்திரத்தில் பழைய வடிவத்தில், மேலே சுழித்த கொம்போடு இருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது மாறிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. அங்கே மாறியது எழுத்தின் வடிவம் மட்டும்தான், எழுத்துக்கூட்டு அல்ல. அதனால் இன்றைய வடிவத்தில் தட்டச்சு செய்தால் போதும், விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

சிக்கல் முழுக்க ஆள்பெயரில்தான் இருந்தது. அப்பாவின் பத்திரத்தில் ‘ஜாண்’ என்று மூன்றுசுழி ண் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கல்லறைகளிலும் கடைப் பலகைகளிலும் இந்த ஜாண் நிறைய உண்டு. மலையாளத்தில் இந்தப் பெயர் ணகர ஒற்றில்தான் முடியும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள், தாத்தா இடம் வாங்கிய பத்திரமே மலையாளத்தில்தான் இருக்கிறது. அந்த ண் அப்படியே அப்பாவின் தமிழ்ப் பத்திரத்துக்கும் வந்துவிட்டது. அப்பா இறந்த பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழிலோ ‘ஜான்’ என்று இருக்கிறது. அத்தானின் வரைவில் ‘ஜோன்’. பெயர் மாறினால் தலைப்பெழுத்தும் மாறும் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்பா ஜாண் என்றால் எனக்கு முன்னெழுத்து ஜா., ஜோன் என்றால் ஜோ. ஒரே பத்திரத்தில் எனக்கு ஜா.வும் அக்காவுக்கு ஜோ.வும் இருந்தால், இரண்டு பேரும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்களா என்று அதிகாரி கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் இருபது வருடம் கழித்து இடத்தை வாங்க வருபவரின் வக்கீல் கேட்பார்.

இதற்கு வழி சொன்னவர் ஆவண எழுத்தர்தான். அப்பாவின் பெயர் முதன்முதலில் வரும் இடத்தில், ‘1974ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் ஜாண் என்றும் வாரிசுச் சான்றிதழில் ஜான் என்றும் குறிப்பிடப்பட்டுள்ள ஒரே நபர்’ என்று எழுதினோம். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் ‘ஜாண்’ மட்டும்தான், ஏனென்றால் சொத்து அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ‘ஜோன்’ எந்த அரசுக் காகிதத்திலும் இல்லாததால் அதைச் சேர்க்கவில்லை. இல்லாத வடிவத்தையும் ‘என்கிற’ போட்டு நுழைத்தால், அதற்கும் ஒரு சான்று தேட வேண்டிவரும்.

அக்காவின் பெயர்தான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பள்ளிச் சான்றிதழில் அவள் ‘ஸ்டெல்லா’. கல்யாணத்துக்குப் பிறகு ‘ஸ்ரெல்லா’ என்று எழுதிப் பழகி, கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது. ஸ்டீபனை அங்கே ஸ்ரீபன் என்று எழுதுவார்கள், அதே முறை. போனில் நான் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே போட்டுவிடலாம் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “மக்கா, என் பிள்ளையளுக்கு அம்மா பேரு அப்படித்தான் தெரியும். அதைத் தப்புன்னு எழுதிராதே” என்றாள். பெயர் என்பது சொந்தக்காரர் சொல்வதுதான், அதை நம் வழக்கத்துக்கு மாற்ற யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் எண்ணமும். அதனால் ‘ஸ்டெல்லா என்கிற ஸ்ரெல்லா’ என்று எழுதி, பக்கத்திலேயே கனடாக் கடவுச்சீட்டின் எண்ணையும் அதில் உள்ள ஆங்கில எழுத்துகளையும் சேர்த்தோம். இப்போது சான்றிதழ், கடவுச்சீட்டு, கையெழுத்து மூன்றுக்கும் பத்திரத்தில் இடம் இருக்கிறது.

அக்காவால் நேரில் வர முடியாததால், அவள் சார்பில் கையெழுத்துப் போட என் மனைவிக்கு அதிகாரப் பத்திரம் வேண்டியிருந்தது. அக்காவும் அண்ணனும் எதிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தமிழிலேயே வாசித்துப் பார்க்க விரும்பினார்கள், அதனால் அதுவும் தமிழில்தான். இங்கே வரிசை முக்கியம். முதலில் பாகப்பத்திரத்தின் எழுத்துகளை முடிவாக்க வேண்டும், பிறகே அதிலிருந்து பெயர்களையும் சொத்து விவரத்தையும் எடுத்து அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும். முந்திக்கொண்டு அதிகாரப் பத்திரம் அங்கே கையெழுத்தாகி வந்துவிட்டால், அதில் ஒரு எழுத்தை மாற்றவும் முடியாது. டொரான்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அவள் மறுபடி போக வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது சட்டம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதைச் செய்தோம். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஜாணா ஜோனா என்று பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

தட்டச்சில் ஒரு எச்சரிக்கை. ஆவண எழுத்தரிடம் வேலை பார்க்கும் தம்பி, அத்தானின் கோப்பில் ‘ற்ற’ வருகிற இடத்தில் எல்லாம் ‘ட்ட’ என்று கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்றார். பத்திரத் தமிழில் பெற்ற, பெற்றுக்கொண்டு, ஏற்று, பற்றி, சுற்று என்று வரிக்கு வரி ‘ற்ற’ வரும். ‘பற்றரி’யைத் திருத்தப் போய், ‘உரிமை பெற்ற’ என்பது ‘உரிமை பெட்ட’ என்று ஆகிவிடும். மாற்ற வேண்டிய சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முழுச்சொல்லாகத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினோம். முடிந்த பிறகு ஒருவர் பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் புதியதைச் சத்தமாக வாசித்தார். ‘ஜாண்’ ஒரு இடத்தில் ‘ஜான்’ ஆகியிருந்தது அப்போதுதான் அகப்பட்டது. வாசிக்கிறவர் மூன்றுசுழியா இரண்டுசுழியா என்று சொல்லிச் சொல்லி வாசிக்க வேண்டும், ஒலியை மட்டும் நம்பினால் தப்பிப் போகும்.

பதிவு முடிந்தது, பட்டாவும் மாறிவிட்டது. அடுத்து அத்தான் அங்கே உள்ள உறவுக்காரர்களுக்காக அப்பாவின் ஆண்டு நினைவு மலர் அச்சிட்டார். சரிபார்க்க எனக்கு அனுப்பியிருந்தார். ரொறன்ரோ, ஓகஸ்ட், திகதி எல்லாம் அப்படியே இருந்தன. வாசிப்பவர்கள் அவர்கள்தானே, நான் எதையும் தொடவில்லை. அப்பாவின் பெயரை மட்டும் ‘ஜாண்’ என்று போடச் சொன்னேன். “அது அவர் எழுதின பெயர்தானே தம்பி, அப்படியே போடுறன்” என்றார்.