இன்புட் கையில் இருந்தும் இருபதாயிரம் கூடுதலாகக் கட்டினோம்: 3B செட்-ஆஃப் அனுபவம்

எங்கள் டேலி கணக்குப்படி அந்த மாதம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 20,000 ரூபாய். லாரி வாடகைக்கு, லாரிக்காரருக்குப் பதில் நாமே கட்ட வேண்டிய ஆர்சிஎம் வரி 1,200 தனி. ஆக 21,200. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து 19ஆம் தேதி வாட்ஸ்அப்பில் வந்த சலானோ 41,200 என்றது. மறுநாள் கடைசித் தேதி என்பதால் முதலாளி நெட் பேங்கிங்கில் உடனே கட்டிவிட்டார். என் பார்வைக்கு அது வருவதற்குள் மாதாந்திர GSTR-3B ரிட்டர்னும் ஏறிவிட்டது.

கோவையில் பம்பு உதிரிபாகம் வாங்கி விற்கும் கடை இது. கணக்கு நான் எழுதுகிறேன், ரிட்டர்ன் மட்டும் வெளியே போடுகிறார்கள். சரக்கில் கணிசமான பங்கு ராஜ்கோட்டிலிருந்து வருவதால் ஐஜிஎஸ்டி இன்புட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரிக்கான கிரெடிட், நிறைய சேரும். விற்பனை பெரும்பாலும் உள்ளூர், கொஞ்சம் பாலக்காடு. இப்படி வாங்கல் வெளிமாநிலமும் விற்பனை உள்ளூருமாக உள்ள எந்தக் கடைக்கும் நான் சொல்லப்போவது நடக்கலாம்.

எண்களைப் புரிவதற்காக முழுமையாக்கித் தருகிறேன். அவுட்புட்: ஐஜிஎஸ்டி 20,000, சிஜிஎஸ்டி 90,000, எஸ்ஜிஎஸ்டி 90,000. மொத்தம் இரண்டு லட்சம். இன்புட்: ஐஜிஎஸ்டி 80,000, சிஜிஎஸ்டி 50,000, எஸ்ஜிஎஸ்டி 50,000. மொத்தம் 1,80,000. மீதி 20,000தானே வர வேண்டும்?

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். "மேடம், ஐஜிஎஸ்டி மிச்சத்த மொதல்ல சிஜிஎஸ்டிக்குத் தீர்க்கணுங்க. அதுக்கு மேல இருந்தாத்தான் எஸ்ஜிஎஸ்டிக்கு. ரூல் அப்படித்தான்."

ஜிஎஸ்டி வந்த புதிதில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் 2019 மார்ச் கடைசியில் வந்த விதி 88ஏ அதை மாற்றிவிட்டது. ஐஜிஎஸ்டி இன்புட்டை முதலில் ஐஜிஎஸ்டி வரிக்கே கழிக்க வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதைச் சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் எந்த வரிசையிலும் எந்த விகிதத்திலும் பிரித்துக்கொள்ளலாம். ஒரே கட்டுப்பாடு, ஐஜிஎஸ்டி இன்புட் முழுவதும் தீர்ந்த பிறகுதான் மற்ற இரண்டையும் தொட முடியும். அந்த ஷீட்டை யாரோ அதற்கு முன்பு தயாரித்திருக்கிறார்கள். முன்பு இருந்தவர் கையால் பிரித்துப் போட்டதால் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. இவர் ஷீட் சொன்னதை அப்படியே ஏற்றிவிட்டார்.

என்ன நடந்தது என்று பாருங்கள். 80,000-இல் 20,000 ஐஜிஎஸ்டி வரிக்குப் போய், 60,000 மிச்சம். அதை முழுக்கச் சிஜிஎஸ்டியில் போட்டார். அங்கே தேவை 90,000. எனவே சிஜிஎஸ்டியின் சொந்த இன்புட்டில் 30,000 மட்டும் செலவாகி, 20,000 சும்மா நின்றுவிட்டது. எஸ்ஜிஎஸ்டி பக்கம் சொந்த இன்புட் 50,000 போக 40,000 பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. சிஜிஎஸ்டி இன்புட்டை எஸ்ஜிஎஸ்டி வரிக்குக் கழிக்க முடியாது, எஸ்ஜிஎஸ்டியைச் சிஜிஎஸ்டிக்கும் முடியாது. பக்கத்திலேயே 20,000 இருந்தும் பயனில்லை. 60,000-ஐ ஆளுக்கு 30,000 என்று பிரித்திருந்தால் இருபக்கமும் பத்துப் பத்தாயிரத்தோடு முடிந்திருக்கும்.

"சரி, மாத்த முடியுமா?" என்றேன். "ஃபைல் பண்ணியாச்சுங்களே" என்றார். அது உண்மைதான். GSTR-3B-க்கு ரிவைஸ் கிடையாது. தேங்கிய 20,000-ஐப் பணமாகத் திரும்பக் கேட்கவும் எங்களுக்கு வழியில்லை. மீந்த இன்புட்டுக்கான ரீஃபண்ட் ஏற்றுமதி போன்ற பூஜ்ய வரி விற்பனைக்கும், வாங்கும் பொருளுக்கு வரி அதிகமாகவும் விற்கும் பொருளுக்குக் குறைவாகவும் உள்ளவர்களுக்கும்தான். பணம் தொலைந்துபோகவில்லை, கிரெடிட் லெட்ஜரில் கிடக்கிறது. ஆனால் சப்ளையருக்குப் போக வேண்டிய 20,000 அந்த மாதம் முடங்கிப்போனது. அடுத்த மாதமும் அதே ஷீட்டைப் போட்டால் தேக்கம் 40,000 ஆகும். எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான். "சிஸ்டமே பாத்துக்கும் மேடம்" என்று ஒரு வார்த்தையில் முடிக்கப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் நானே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2B-யோடு ஒத்துப் பார்த்தது, 3B-யின் அட்டவணை 3.1, 4 எல்லாம் சிக்கலில்லாமல் போயின. எந்த வரிக்கு எந்த இன்புட் என்று கழிக்கும் அட்டவணை 6.1-இல் கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பித்தான் வரும், ஆனால் அவற்றைத் திருத்தலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கு அவுட்புட்டும் இன்புட்டும் ஏறக்குறைய அதே அளவு. சிஜிஎஸ்டி இன்புட் பழைய 20,000-ஓடு சேர்த்து 70,000, எஸ்ஜிஎஸ்டி 50,000. குறைவது சிஜிஎஸ்டியில் 20,000, எஸ்ஜிஎஸ்டியில் 40,000. கையில் ஐஜிஎஸ்டி மிச்சம் 60,000. சிஜிஎஸ்டி வரிசையில், ஐஜிஎஸ்டி இன்புட் கட்டத்தில் 20,000 போடச் சொன்னேன். எஸ்ஜிஎஸ்டி வரிசையில் 40,000. பணமாகக் கட்ட வேண்டிய கட்டம் இரண்டிலும் பூஜ்யம் வந்தது. போன மாதம் கூடுதலாகப் போனது இந்த மாதம் சரியாகிவிட்டது. "அப்படியும் பண்ணலாங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

அதற்குள் இன்னொன்று முளைத்தது. இந்த மாதத்து ஆர்சிஎம் 1,200-ஐ எந்த இன்புட்டிலும் கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். லாரிக்காரர் உள்ளூர், வாடகை 24,000, ஐந்து சதவீதம் 1,200. ஆகச் சிஜிஎஸ்டி 600, எஸ்ஜிஎஸ்டி 600. அவர்கள் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த சலானில் 1,200 முழுவதும் சிஜிஎஸ்டி கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. முதலாளி அதையும் கட்டிவிட்டிருந்தார். கேஷ் லெட்ஜரிலும் தலைப்பு தலைப்பாகத்தான் பணம் நிற்கும். சிஜிஎஸ்டியில் இருக்கும் பணம் எஸ்ஜிஎஸ்டிக்குத் தானாகப் போகாது. "இன்னொரு 600 கட்டிடுங்க மேடம்" என்றார்கள். தேவையே இல்லை. PMT-09 என்ற படிவத்தில் 600-ஐச் சிஜிஎஸ்டியிலிருந்து எஸ்ஜிஎஸ்டிக்கு மாற்றினோம். லெட்ஜரில் உடனே தெரிந்தது. இன்புட்டுக்கு இப்படி ஒரு மாற்றல் இல்லை, பணத்துக்கு மட்டும்தான்.

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். பலரும் மொத்த அவுட்புட்டையும் மொத்த இன்புட்டையும் நேர்செய்து மீதியை பேங்க்கில் எழுதிவிடுகிறார்கள். போன மாதம் எங்கள் டேலியில் அப்படி எழுதியிருந்தால் 41,200 கட்டியதற்குக் கணக்கே உட்காராது. போர்ட்டலில் எப்படிக் கழித்தோமோ அப்படியேதான் ஜர்னல் போட வேண்டும். முதல் மாதத்து ஜர்னல், மாதக் கடைசித் தேதியில்:

அவுட்புட் ஐஜிஎஸ்டி பற்று 20,000
அவுட்புட் சிஜிஎஸ்டி பற்று 90,000
அவுட்புட் எஸ்ஜிஎஸ்டி பற்று 90,000
இன்புட் ஐஜிஎஸ்டி வரவு 80,000
இன்புட் சிஜிஎஸ்டி வரவு 30,000
இன்புட் எஸ்ஜிஎஸ்டி வரவு 50,000
கட்ட வேண்டிய ஜிஎஸ்டி வரவு 40,000

இருபக்கமும் இரண்டு லட்சம். பணம் கட்டும்போது அதை நேரே கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் எழுதாமல், நடுவில் எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் என்று நடப்புச் சொத்தின் கீழ் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். சலான் கட்டிய தேதியில் கேஷ் லெட்ஜர் பற்று 41,200, பேங்க் வரவு 41,200. ரிட்டர்ன் ஏறிய தேதியில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி பற்று 40,000, ஆர்சிஎம் சிஜிஎஸ்டி பற்று 600, ஆர்சிஎம் எஸ்ஜிஎஸ்டி பற்று 600, கேஷ் லெட்ஜர் வரவு 41,200. சலான் கட்டுவதும் வரி கழிவதும் இரண்டு வேறு நிகழ்வுகள், தேதியும் வேறாக இருக்கலாம். சலானில் ஐந்நூறு கூடப் போயிருந்தால் அது கேஷ் லெட்ஜரில் நின்று நமக்குக் காட்டிக்கொடுக்கும். வரியைச் செலவுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தாமதக் கட்டணமும் வட்டியும் வந்தால் அவை மட்டும் செலவு.

சரியாக எழுதினோமா என்று எப்படித் தெரியும்? ஜர்னல் போட்ட பிறகு டேலியில் இன்புட் சிஜிஎஸ்டி 20,000 பற்று நிற்க வேண்டும், போர்ட்டலின் கிரெடிட் லெட்ஜரிலும் அதே 20,000. கேஷ் லெட்ஜர் இரண்டிலும் பூஜ்யம். எங்களுக்கு முதலில் 4,500 இடித்தது. உள்ளூர் சப்ளையர் ஒருவர் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1 போடாததால் அவர் பில் 2B-யில் வரவில்லை, ரிட்டர்னிலும் எடுக்கவில்லை, டேலியில் மட்டும் இருந்தது. அப்படிப்பட்டதை இன்புட்டிலேயே விட்டுவைக்காமல் '2B-யில் வராத இன்புட்' என்று தனிக் கணக்குக்கு மாற்றி வைக்கிறேன். வந்த மாதம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சப்ளையருக்குப் போன் போட்டுக் கேட்கவும் அந்தப் பட்டியலே போதும். மேலே சொன்ன மொத்தத்தில் இந்த 4,500 சேரவில்லை.

மார்ச் மாதத்துக்கு மட்டும் ஒரு கவனம். வரியைக் கட்டுவது ஏப்ரல் 20 வாக்கில் என்பதால், மார்ச் 31 இருப்புநிலையில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி பொறுப்பாகவே நிற்கட்டும். அதைத் தீர்க்க பேங்க் பதிவைப் பின்தேதியிட்டால் பாஸ்புக்கோடு ஒத்துவராது.

இப்போது சலான் போடுவதற்கு முன்பே, ஐஜிஎஸ்டி மிச்சத்தை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று நானே எழுதி அனுப்பிவிடுகிறேன், பதிலுக்கு 6.1-இன் படம் வந்த பிறகுதான் முதலாளி பணம் கட்டுகிறார். அந்த அலுவலகம் மற்றக் கடைகளுக்கும் அதே ஷீட்டைப் பயன்படுத்தியிருக்கும். உங்கள் கிரெடிட் லெட்ஜரில் சிஜிஎஸ்டி மிச்சம் ஏறிக்கொண்டே போய், எஸ்ஜிஎஸ்டி மட்டும் மாதாமாதம் பூஜ்யமாகி அந்தப் பக்கம் பணம் கட்டுகிறீர்கள் என்றால், போன மாதத்து 3B-ஐத் தரவிறக்கி 6.1-இல் எஸ்ஜிஎஸ்டி வரிசையைப் பாருங்கள். ஐஜிஎஸ்டி கட்டம் காலியாக இருந்தால் உங்களுக்கும் இதேதான் நடந்திருக்கிறது.