சுறா வருவதைக் காதால் பார்ப்பது: பின்னணி இசைக் குறிப்புகள்

மார்ச் 3

பின்னணி இசையைக் கவனிக்கப் பழக ஒரே ஒரு படம் போதும் என்றால் ஆட்களைக் கொல்லும் சுறாவைப் பற்றி 1975-ல் வந்த ‘ஜாஸ்’ படத்தைச் சொல்வேன். இயக்கம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், இசை ஜான் வில்லியம்ஸ். இந்தப் படத்தில் இசைக்கு ஒரு தெளிவான வேலை இருக்கிறது. அதனால் அது எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதைப் புதிதாகக் கேட்பவராலும் பிடித்துவிட முடியும்.

சுறாவுக்கு உரிய இசை இரண்டே ஸ்வரம். வீட்டில் கீபோர்டு இருந்தால் இடது கைப் பக்கம் ஈ, எஃப் என்ற இரண்டு வெள்ளைக் கட்டைகளை மாறி மாறி அழுத்திப் பாருங்கள். நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, இடைவெளி அரை ஸ்வரம்தான். நம் கணக்கில் ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் எஃப் சுத்த ரிஷபம். இவ்வளவு நெருக்கமான இரண்டு ஸ்வரங்கள் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும்போது காதுக்கு அது பாட்டாகவே படாது. ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். முதன்முதலில் வாசித்துக் காட்டியபோது ஸ்பீல்பெர்க் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

இரண்டே ஸ்வரம் என்பதுதான் இதன் வசதி. மெதுவாகவும் சன்னமாகவும் வாசித்தால் சுறா தொலைவில் இருக்கிறது. வேகமும் சத்தமும் ஏற ஏறப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் போய்விட்டது. திரையில் எதையும் காட்டாமலே தூரத்தைச் சொல்லிவிடலாம். படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானது. சுறாவைக் காட்ட முடியாத இடங்களை நிரப்பும் பொறுப்பில் பெரும் பங்கு இசைக்கு வந்தது அப்படித்தான்.

மார்ச் 5

பார்க்கும் முறை. ஒரு காட்சியை மூன்று தடவை ஓட்ட வேண்டும். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாவதில்தான் இசை நுழையும் நொடி பிடிபடும். நுழைந்த நேரம், நின்ற நேரம், நுழைந்தபோது திரையில் என்ன இருந்தது, இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும். ‘பயமாக இருந்தது’ என்று எழுதுவதில் பயன் இல்லை. அந்தப் பயம் எந்த நொடியில் தொடங்கியது என்பதுதான் வேண்டும்.

படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் ஓடும்போது கேமரா கடலடியில் பாசிகளுக்கு நடுவே போகிறது. ஈ–எஃப், ஒரு நீண்ட இடைவெளி. மறுபடி ஈ–எஃப். பிறகு இடைவெளி குறைந்து, ஸ்வரங்கள் விடாமல் ஓடத் தொடங்குகின்றன. அடி விழும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் தாளத்தை முன்கூட்டி ஊகிக்க முடியாது. உச்சத்தில் சட்டென்று வெட்டு. கடற்கரையில் நெருப்பைச் சுற்றி இளைஞர்கள், ஒருவன் ஹார்மோனிகா ஊதுகிறான்.

இங்கே ஒரு பிரிவினை அவசியம். ஹார்மோனிகா கதைக்குள் இருக்கும் இசை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிறது. ஈ–எஃப் நமக்கு மட்டும் கேட்கிறது. குறிப்பெழுதும்போது இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் கணக்கு குழம்பிவிடும், தனித்தனியாக எழுதுங்கள்.

சில நிமிடங்களில் இளம்பெண் தனியாக நீந்துகிறாள். கேமரா நீருக்கடியில் போய் அவளை அண்ணாந்து பார்க்கிறது, அந்த இசை திரும்ப வருகிறது. விதி இங்கே நிலைநாட்டப்படுகிறது: இந்த இசை ஒலித்தால் சுறா இருக்கிறது. யாரும் வாயால் சொல்லவில்லை. நமக்கே தெரியாமல் நாம் கற்றுக்கொண்டாயிற்று.

மார்ச் 8

சாதனம் பற்றி ஒரு வார்த்தை. டபுள் பாஸின் கீழ்த் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே ஒலிக்கவே முடியாது. மேலே உள்ள கிளை ஒலிகள் மட்டும் வரும், அடிவயிற்றில் உணர வேண்டியது காணாமல் போகும். ‘இந்த இசையில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் பலர் கைபேசியில் கேட்டவர்கள். காதை மூடிக்கொள்ளும் வகை ஹெட்போன் போதும். டிவியில் ‘குரல் தெளிவு’, ‘இரவு முறை’ போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை சன்னமானதைத் தூக்கி, பலமானதை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். தூரத்தைச் சத்தத்தின் அளவால் சொல்லும் படத்தில் அது அடிப்படையையே கெடுக்கும்.

மார்ச் 10

கடற்கரையில் சிறுவன் பலியாகும் காட்சி. காவல்துறைத் தலைவர் பிராடி மணலில் உட்கார்ந்து கடலையே பார்க்கிறார். ஒரு பெண் அலறுகிறாள். பார்த்தால் காதலன் அவளைத் தோளில் தூக்கியிருக்கிறான். கறுப்பாக ஏதோ நீரில் வருகிறது. ஒரு முதியவரின் நீச்சல் தொப்பி. ஒரு நாயைக் காணவில்லை, அதன் பெயரைச் சொல்லி ஒருவன் கூப்பிடுகிறான். இவ்வளவு நேரமும் பின்னணி இசை இல்லை. குழந்தைகளின் கூச்சல், அலை, பேச்சு போன்ற கடற்கரைச் சத்தங்கள்தான்.

முதல் முறை பார்க்கும்போது இந்தப் பகுதி முழுக்கப் பதற்றமான இசை இருந்ததாகவே பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பதற்றத்தை உண்டாக்கியது படத்தொகுப்பு. பிராடியின் முன்னால் ஆட்கள் குறுக்கே போக, அந்த மறைப்பிலேயே வெட்டி வெட்டிக் கேமரா அவரை நெருங்குகிறது. இசையின் மேல் போடும் பழியோ புகழோ சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்றால் நேரக் குறிப்பு தேவைப்படுவது இதற்காகத்தான்.

கேமரா நீருக்குள் போகிறது, உதைக்கும் கால்கள் தெரிகின்றன. அப்போதுதான் ஈ–எஃப். பொய்யான பயங்களுக்கு இசை ஒலிக்கவில்லை, உண்மையான ஒன்றுக்கு ஒலித்தது.

அடுத்த பாடம் இன்னும் துணிச்சலானது. மரப் படகுத்துறையில் இருந்து இரண்டு பேர் இறைச்சியைக் கொக்கியில் மாட்டி வீசுகிறார்கள். சுறா இழுத்த இழுப்பில் படகுத்துறையின் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. பிறகு அந்த மரத்துண்டு மெதுவாகத் திரும்பி, தண்ணீரில் விழுந்தவனை நோக்கி வருகிறது. திரையில் சுறாவின் ஒரு செதிள்கூட இல்லை. சத்தத்தை அணைத்துப் பாருங்கள்: உடைந்த பலகை மிதக்கிறது, அவ்வளவுதான். இசையோடு பார்த்தால் அந்தப் பலகைக்குப் பசி இருக்கிறது.

மார்ச் 14

இனி படத்தின் மிகச் சிறந்த இரண்டு இடங்கள். இரண்டிலும் இசை இல்லை, ஆனால் காரணம் வேறு வேறு.

ஜூலை 4 விடுமுறை. கூட்டம் நிறைந்த கடலில் முக்கோணத் துடுப்பு ஒன்று தெரிகிறது. மக்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு கரைக்கு ஓடுகிறார்கள். துப்பாக்கிகள் நீளுகின்றன. துடுப்புக்கு அடியில் இருந்து இரண்டு சிறுவர்கள் வெளியே வருகிறார்கள்; அது அட்டை. இந்த அமளி முழுக்க ஈ–எஃப் ஒலிக்கவே இல்லை. படம் நம்மிடம் பொய் சொல்லவில்லை, கவனித்துக் கேட்டவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும். பக்கத்துக் கழிமுகத்துக்குள் உண்மையான சுறா நுழையும்போது இசையும் நுழைகிறது. அந்தக் கூட்டத்துக்கு அது கேட்காது, நமக்கு மட்டும் கேட்கிறது.

இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய விதியை, 124 நிமிடப் படத்தில் சுமார் 80-ஆவது நிமிடத்தில் உடைக்கிறார்கள். படகின் பின்புறம் பிராடி சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி மீன் கழிவைக் கடலில் அள்ளிக் கொட்டுகிறார். அலுப்பான வேலை, அலுப்பான பேச்சு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் முதுகுக்குப் பின்னால் சுறாவின் தலை எழுகிறது. இசை வந்தால்தான் சுறா வரும் என்று இத்தனை நேரம் நம்பியிருந்தோம் இல்லையா, அந்த நம்பிக்கைதான் இங்கே நம்மைக் காவல் இல்லாமல் உட்கார வைத்தது. பின்னணி இசையைப் பயன்படுத்தியதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம், அதைப் பயன்படுத்தாத இந்த நொடிதான்.

இதைச் சும்மா ‘திடீர் அதிர்ச்சி’ என்று சொல்லிவிட முடியாது. பல படங்களில் இசையை நிறுத்தி, பிறகு பெரிய அடி ஒன்றை அடித்துத் துள்ள வைப்பார்கள். அங்கே வேலை செய்வது சத்தம். அதைச் சோதிக்க ஒரு வழி: ஒலி அளவைப் பாதியாகக் குறைத்து அதே இடத்தைப் பாருங்கள். துள்ளல் காணாமல் போனால் அது சத்தத்தால் வந்தது. ‘ஜாஸ்’ காட்சி குறைந்த ஒலியிலும் தாக்கும்.

மார்ச் 17

கடைசிப் பகுதியில் பிராடியும் படகில் இருக்கும் வேறு இருவரும் சுறாவைத் துரத்துகிறார்கள். ஈட்டியில் கட்டிய மஞ்சள் பீப்பாய் தண்ணீரைக் கிழித்து ஓட, இசை கொள்ளைக்காரர்களின் கடற்பயணப் படம் போலக் கொண்டாட்டமாகிவிடுகிறது. அதே சுறா, அதே கடல், ஆள்களுக்கு ஆபத்து இப்போது இன்னும் அதிகம். ஆனால் நமக்கு உற்சாகம் பிறக்கிறது, ஏனென்றால் இசை இப்போது துரத்தும் மனிதர்களின் பக்கம் போய்விட்டது. எந்தக் காட்சியிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: இசை யாருடைய மனநிலையில் நிற்கிறது? வேட்டையாடுபவனுடையதா, அகப்பட்டவனுடையதா, அல்லது இருவரையும் பார்க்கும் நம்முடையதா?

இதை உறுதிசெய்ய, படத்தின் சத்தத்தை அணைத்து, துரத்தும் காட்சிக்கு ஈ–எஃப் பகுதியைக் கைபேசியில் ஹெட்போன் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பீப்பாய் மறுபடி பயமுறுத்தும். இசை கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் பரவாயில்லை. அசைவுகளோடு அதைப் பொருத்தும் வேலையைக் கண்ணே செய்துகொள்ளும். ‘எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது’ என்று இசையைப் பாராட்டுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மார்ச் 21

தமிழ்ப் படங்களுக்கு இதே முறையைக் கொண்டுவரும்போது இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை இடைவெளியில்லாமல் ஓடும் படங்கள். இசை நிற்கவே இல்லை என்றால் நுழைவைக் குறிக்க முடியாது. அப்போது நுழைவுக்குப் பதில் மாற்றத்தைக் குறியுங்கள்: வாத்தியம் மாறிய இடம், தாளம் நின்று நீண்ட ஸ்வரம் மட்டும் மிஞ்சிய இடம். வசனம் இசையை மறைத்தால், 5.1 ஒலித்தடமும் ஐந்து ஸ்பீக்கரும் உள்ளவர்கள் நடு ஸ்பீக்கரின் வயரை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்கலாம். பெரும்பாலான படங்களில் வசனம் நடுவில்தான் இருக்கும், இசை பெரும்பாலும் இடமும் வலமும் பிரிந்திருக்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

இரண்டாவது, பாட்டு. ‘நாயகன்’ (1987) படத்தில் இளையராஜா ‘தென்பாண்டிச் சீமையிலே’ மெட்டைப் பாட்டாகவும் பின்னணியாகவும் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். மெட்டை வாத்தியம் மட்டும் வாசித்தாலும் நம் மனம் வரிகளை நிரப்பிக்கொள்கிறது. ‘யார் அடித்தாரோ’ என்ற கேள்வி வேலு நாயக்கரின் ஒவ்வொரு இழப்பின் மேலும் வந்து உட்காருகிறது. சுறாவின் இரண்டு ஸ்வரத்துக்கு அர்த்தம் படத்துக்குள்ளே மட்டும் கற்பிக்கப்பட்டது. இங்கே பாதி அர்த்தம் சொற்களில் இருந்து வருகிறது. ஆகவே குறிப்பேட்டில் இன்னொரு பத்தி போட வேண்டும்: மெட்டு வந்தபோது குரல் இருந்ததா, வாத்தியம் மட்டுமா. குரல் இல்லாத இடங்களை மட்டும் தமிழ் தெரியாத ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். அவருக்கும் தொண்டை அடைத்தால் வேலை செய்தது மெட்டு. உங்களுக்கு மட்டும் அடைத்தால், அந்த வரியின் பங்கு அதில் பெரிது.