என் தலையின் வரைபடம்

புதிய நாட்டில் வீடு எடுக்க, வங்கிக் கணக்குத் தொடங்க, சிம் அட்டை வாங்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்கும். பெயரை எழுதி, கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தால் காரியம் நடந்துவிடும். முடி வெட்டிக்கொள்ளத்தான் படிவம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். அதுவரை ஒரே கைக்குத் தலையைக் கொடுத்துப் பழகிய எனக்கு ‘வழக்கம்போல’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்பட்டதே இல்லை.

முதலில் போன கடையில் சுவரில் ஒட்டியிருந்த இளைஞனின் படத்தைக் காட்டினேன். வெட்டியவர் அதை அப்படியே செய்தார். அவர்மீது குறை சொல்ல முடியாது. அந்த இளைஞனுக்கு வட்ட முகம், எனக்கு நீள முகம். காதுக்கு மேல் வழித்து, உச்சியில் மட்டும் நிமிர்த்திவிட்டதும் என் முகம் இன்னும் ஒரு விரற்கடை நீண்டுவிட்டது.

முடி வளரும்வரை காத்திருந்து, வேறொரு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயதானவர். அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்தான். இந்த நாட்டின் மொழியில் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார், அவ்வளவே. அடுத்த வாரம் எனக்கு ஒரு வேலைக்கான நேர்காணல் இருந்தது. இந்த முறை சுவரைப் பார்க்காமல், முடி நன்றாக இருந்த நாளில் நானே எடுத்த செல்ஃபியைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, என் சட்டையில் இருந்த எழுத்துகளைச் சுட்டினார். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தன. பிறகு என் வகிட்டைத் தொட்டார். என் தலையில் அது இடப்பக்கம் இருந்தது, படத்தில் இருப்பவனுக்கோ அவனுடைய வலப்பக்கம். சில போன்களில் முன்பக்கக் கேமரா இப்படித் திருப்பிச் சேமித்துவிடும். எழுத்து இல்லாத சட்டை போட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

“போனைக் கொடுங்கள்” என்று வாங்கிக்கொண்டு, நான்கு அடி பின்னால் போய், பின்பக்கக் கேமராவால் முன்புறம், இரு பக்கங்கள், பிடரி, உச்சி எல்லாவற்றையும் எடுத்தார். கைநீளத்தில் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காது உள்ளே ஒடுங்கிவிடும் என்பதைத் தன் முகத்தையே போனுக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினார். அந்த வயதில் அவருக்கு இருந்த உற்சாகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து, தலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே, முடி வளரும் திசைக்கு எதிராக விரல்களை ஓட்டினார். ஈர முடி படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால்தான் இந்த அவசரம். உச்சிக்குச் சற்று வலப்புறம் சுழியில் விரல் நின்றது. பிறகு இடது காதுக்கு மேல் நின்றது. அங்கே ஒரு பழைய தழும்பு. சிறு வயதில் விழுந்ததில் வந்தது, நானே மறந்துபோயிருந்தேன். முடியை விலக்கி அதையும் படம் எடுத்தார்.

பக்கவாட்டுப் படத்தை மூன்று நகல் எடுத்துக்கொண்டு, போனில் படத்தைத் திருத்தும் இடத்தில் இருக்கும் பேனாவைத் திறந்தார். நான் கறுப்பால் வரைவார் என்று நினைத்தேன். அவரோ பின்னால் இருந்த சுவரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, வேண்டாத முடியின் விளிம்பை அதனால் மூடினார். முடி குறைய வேண்டிய பக்கங்களில் தோலின் நிறத்தை மெல்லியதாகத் தடவினார். வரைவது என்பதைவிட அழிப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் நகலில் காதுக்கு மேலே நல்ல உயரம்வரை மெஷினில் ‘1’ போட்டால் எப்படி இருக்கும் என்று காட்டினார். மெஷினில் மாட்டும் சீப்புக்கு எண் உண்டு. 1 என்றால் தோலில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. ‘1’ போட்ட படத்தில் தழும்பு இருக்கும் இடத்தில் சிவப்பில் ஒரு கோடு போட்டு, என்னைப் பார்த்தார். மேலே முகம் நீண்டிருந்ததும் தெரிந்தது. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

இரண்டாவதில் தலை முழுவதும் ஒரே அளவாக 2 சென்டிமீட்டர். அதன் உச்சியில் அவர் ஒரு சிறு கொத்தை நிமிர்த்தி வரைந்தார். சுழியில் முடி அந்த நீளத்தில் இருந்தால் படுக்காது, எழுந்து நிற்கும். அதை அடக்க இரண்டே வழிகள்: தன் எடையாலேயே படியும் அளவுக்கு நீளமாக விடுவது, அல்லது எழுந்தாலும் தெரியாத அளவுக்கு ஒட்ட வெட்டுவது. நடுவில் நிறுத்தினால்தான் வம்பு.

மூன்றாவதில் பக்கங்களில் ‘3’, காதோரமும் பிடரியின் கடைசி விளிம்பும் மட்டும் ‘2’, மேலே 5 சென்டிமீட்டர், சுழியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பக்கங்களில் முடி இருந்ததால் முகம் அகலம் பெற்றது. நேர்காணல் தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினார். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. வாரத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ‘1’ போட்ட இடம் ஒரு வாரத்தில் இரு மடங்காகி, வெட்டின் எல்லை மங்கிவிடும். ‘3’ போட்ட இடத்தில் அந்த வளர்ச்சி கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மூன்றாவது படத்தில் விரலை வைத்தேன்.

படம் எங்கே ஏமாற்றும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நெற்றியோர முடியைக் கிள்ளிப் பிடித்து, உச்சியில் ஒரு கொத்தைப் பிடித்து, இரண்டின் தடிமனையும் எனக்குக் காட்டினார். நெற்றியோரம் மெலிந்திருக்கிறது. வரைந்த படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு. அதனால் அந்த இடத்தைப் படத்தில் உள்ளபடி வெட்டாமல் அரை சென்டிமீட்டர் நீளமாகவே விட்டார். மெஷினையும் ‘4’இல் தொடங்கி, என்னைக் கண்ணாடியில் பார்க்கவைத்த பிறகுதான் ‘3’க்கு இறங்கினார். தழும்பு மறைந்தேதான் இருந்தது.

வெட்டி முடித்து முடியைத் தட்டிவிட்டதும், மறுபடியும் அதே இடத்திலிருந்து படங்கள் எடுத்தார். அவற்றின்மேல் விரலால் எண்களை எழுதினார்: பக்கம் 3, காதோரம் 2, மேல் 5, சுழி 6. தழும்புக்கு ஒரு சிவப்புக் கோடு. “எங்கே போனாலும் இதைக் காட்டுங்கள்” என்றார்.

என் அறைத்தோழருக்கு அந்த வெட்டு பிடித்துவிட்டது. அடுத்த விடுமுறையில் என் போனிலிருந்து படங்களை வாங்கிக்கொண்டு அதே கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பெரியவர் படத்தைப் பார்த்தார், தோழரின் சுருட்டை முடியைப் பார்த்தார், போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஒரு சுருளை நுனிவரை இழுத்துக் காட்டி, விட்டார். அது பாதி நீளத்துக்கும் குறைவாகச் சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. ஈரத்தில் 5 சென்டிமீட்டர் என்று வெட்டினால் காய்ந்ததும் அது நெற்றிக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். “உங்கள் போன்” என்று கையை நீட்டியபடியே நான்கு அடி பின்னால் போனார்.