பச்சைக் குறியோடு திரும்பி வந்த வாக்கியம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் மருந்து ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. சர்க்கரை நோயால் பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் உள்ளவர்களுக்கு ஒரு புதிய மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. படிவம் 14 பக்கம். ஆய்வில் சேருபவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் மொழிபெயர்ப்பைத் தரும்போது மீள்மொழிபெயர்ப்பும் அதற்கான சான்றிதழும் கூடவே வேண்டும் என்று என்னிடம் வேலை கொடுத்த மொழிபெயர்ப்பு நிறுவனம் சொல்லியிருந்தது.

மீள்மொழிபெயர்ப்பு என்பது இதுதான். நான் தமிழில் எழுதியதை, மூல ஆங்கிலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார். பிறகு மூலம், என் தமிழ், திரும்பி வந்த ஆங்கிலம் மூன்றையும் ஓர் அட்டவணையில் வாக்கியம் வாக்கியமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். கருத்து மாறியிருந்தால் சிவப்பு, மாறாவிட்டால் பச்சை. சிவப்புக்கு நான் பதில் எழுத வேண்டும்.

எனக்கு வந்த அட்டவணையில் 11 சிவப்பு வரிகள் இருந்தன. முதல் வரியைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. மருந்து எதுவும் இல்லாத, பார்வைக்கு மட்டும் மாத்திரை போல் இருக்கும் ‘பிளசீபோ’வை நான் ‘போலி மருந்து’ என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்த ஆங்கிலம் ‘கள்ளத்தனமாகத் தயாரித்த மருந்து’ என்றது. மீள்மொழிபெயர்ப்பாளர்மேல் பிழை இல்லை. ‘போலி மருந்து பறிமுதல்’ என்று நாளிதழில் படிக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான். இந்த மருத்துவமனையில் உங்களுக்குப் போலி மருந்து தரப்படலாம் என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தை நான் எழுதியிருக்கிறேன். அதை ‘மருந்துச் சத்து எதுவும் இல்லாத, ஆனால் பார்வைக்கு ஆய்வு மாத்திரையைப் போலவே இருக்கும் மாத்திரை’ என்று விரித்து எழுதினேன். நீளம்தான். ஆனால் படிக்கிறவர் தடுமாற மாட்டார்.

இரண்டாவது சிவப்பு வரி இதைவிட நுட்பமானது. அந்த மாத்திரையின் பக்க விளைவுகளில் சில தெரியும், சில தெரியாது என்பது மூலத்தின் கருத்து. நான் எழுதியது: ‘இந்த மருந்தின் எல்லாப் பக்க விளைவுகளும் இன்னும் தெரியவில்லை.’ திரும்பி வந்ததோ, ‘இந்த மருந்தின் பக்க விளைவு எதுவுமே இன்னும் தெரியவில்லை.’ என் வாக்கியத்தைப் பத்து முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டு பொருளும் அதில் இருந்தன. தமிழில் ‘எல்லாம்’ என்பதும் எதிர்மறை வினையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தால், எதிர்மறை எதைத் தொடுகிறது என்பது படிக்கிறவரின் காதைப் பொறுத்தது. எழுதியவனுக்கு எந்தப் பொருள் என்று தெரியும் என்பதால் மற்றொன்று கேட்காது. இதை உடைத்து மூன்று வாக்கியமாக்கினேன்: ‘இந்த மருந்தின் சில பக்க விளைவுகள் தெரியும். அவை கீழே தரப்பட்டுள்ளன. இதுவரை தெரியாத வேறு விளைவுகளும் ஏற்படலாம்.’ அன்றுமுதல் எந்தப் படிவத்திலும் ‘எல்லா… இல்லை’ என்ற அமைப்பைத் தேடிப் பிடித்து உடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

‘வேண்டும்’ என்ற சொல்லும் அகப்பட்டது. சம்மதித்தால் கையொப்பமிடும்படி கேட்பார்கள் என்பது மூலம். நான் ‘நீங்கள் இந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்’ என்று எழுத, அது கட்டளையாகத் திரும்பி வந்தது. விருப்பத்தின் பேரில் பங்கேற்பது என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு ஆறாம் பக்கத்தில் கட்டளை இடக் கூடாது. ‘பங்கேற்கச் சம்மதித்தால், கையொப்பமிடும்படி உங்களைக் கேட்போம்’ என்று மாற்றினேன். அதுபோல, யாருக்கு எந்த மாத்திரை என்பதை முடிவு செய்வதற்கு நான் போட்ட ‘குலுக்கல் முறை’ பரிசுச் சீட்டாகத் திரும்பியது. குலுக்கலில் விழுந்தால் அதிர்ஷ்டம் என்பது நம் ஊர் நினைப்பு. புதிய மாத்திரை பரிசு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எந்தக் குழு என்பதைக் கணினி முடிவு செய்யும், நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைப் போன்றது அது, மருத்துவரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது என்று எழுதினேன்.

மீதியில் பெரும்பாலானவை வெறும் சொல் வேறுபாடுகள். ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தை ‘இந்த ஆய்வை நடத்திச் செலவை ஏற்கும் நிறுவனம்’ என்று நான் எழுதியதும் அப்படியே நீளமாகத் திரும்பியிருந்தது. மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் தரப்பில் அட்டவணையைப் பார்த்தவருக்குத் தமிழ் தெரியாது; ஆங்கிலச் சொல் மூலத்தோடு ஒத்துவரும்வரை தமிழை மாற்றச் சொன்னார். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மீள்மொழிபெயர்ப்பை மூலம்போல் ஆக்குவதற்காகத் தமிழைத் திருகினால் கடைசியில் மிஞ்சுவது ஆங்கிலத்தின் எலும்புக்கூடுதான். ‘கருத்தில் வேறுபாடு இல்லை, தமிழ் மாறவில்லை’ என்று காரணத்தோடு எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அத்துடன் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். பிரச்சினை பச்சை வரிகளில் இருந்தது.

எங்கள் தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நிறுவனத்திடம் அனுமதி கேட்டு, மருந்தின் பெயரும் மருந்து நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் இரண்டு பக்கங்களை மட்டும் எடுத்துப் போய் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். புரிந்ததா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பத்தியையும் படித்ததும் அவருடைய வார்த்தையில் எனக்குச் சொல்லச் சொன்னேன். இழப்பீட்டுப் பத்தி வந்தது. ‘ஆய்வு தொடர்பான காயம் ஏற்பட்டால் இலவச மருத்துவ சிகிச்சை அளிக்கப்படும்’ என்று எழுதியிருந்தேன்.

“ஆஸ்பத்திரியில் கீழே விழுந்து அடிபட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்று போட்டிருக்கிறது தம்பி” என்றார். மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்தால் என்று கேட்டேன். “அது காயம் இல்லையே. அதற்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

அட்டவணையில் அந்த வரி பச்சை. ‘இஞ்சுரி’ என்ற மூலச் சொல் ‘காயம்’ ஆகி, திரும்ப ‘இஞ்சுரி’ என்றே வந்திருந்தது. மீள்மொழிபெயர்ப்பாளர் பல ஆண்டுகளாக மருந்து ஆய்வுப் படிவங்களைப் பார்த்து வருபவர். ‘ஆய்வு தொடர்பான’ என்று கண்டதும் அடுத்த ஆங்கிலச் சொல் அவர் கைக்குத் தானாக வந்துவிட்டது. மூலத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை என்பது உண்மை. மனத்தில் அது ஏற்கெனவே இருந்தது. உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இலேயே இதை எச்சரித்திருக்கிறார். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே வகையான சொல் இணைகளைப் பழகியிருந்தாலும், திரும்ப எழுதுபவர் மோசமான வாக்கியத்தையும் ஊகித்துச் சரியாக்கிவிட்டாலும், முதல் மொழிபெயர்ப்பு மூலத்தின் இலக்கண அமைப்பையே சுமந்திருந்தாலும், இரண்டு ஆங்கிலமும் பொருந்தும். நடுவில் உள்ள மொழி கெட்டிருக்கும். என் வாக்கியத்தில் நடந்தது அதுதான்.

இது சின்ன விஷயம் அல்ல. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில் ஆய்வினால் விளையும் பாதிப்பு என்பதற்குள் மருந்தின் தீய விளைவு வருகிறது, ஆய்வுத் திட்டத்தை மீறியதால் வந்த கேடு வருகிறது, கருவில் இருக்கும் குழந்தைக்கு நேர்ந்த கேடுகூட வருகிறது. ‘காயம்’ என்ற ஒரே சொல்லால் இவை அத்தனையும் படிக்கிறவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. உரிமை சட்டத்தில் இருக்கும். அவருக்கு அது இருப்பதே தெரியாது. ‘இந்த ஆய்வில் பங்கேற்றதால் உங்கள் உடல்நலத்துக்கு எந்த வகையான கேடு ஏற்பட்டாலும், உதாரணமாக மாத்திரையால் நோய் வந்தாலும்’ என்று தொடங்கி அந்தப் பத்தியை முழுதாகத் திருத்தி எழுதினேன்.

பிறகு பச்சை வரிகள் எல்லாவற்றையும் தமிழை மட்டும் வைத்து மறுபடி படித்தேன். ரகசியம் காப்பது பற்றிய பத்தியில் ‘நாம் உங்கள் விவரங்களை வெளியிட மாட்டோம்’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். ‘நாங்கள்’ என்று இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மீள்மொழிபெயர்ப்பில் அது தெரியவே வாய்ப்பில்லை. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை ஆங்கிலக் கண்ணாடி காட்டாது. நீ, நீங்கள் என்பதும் அப்படியே.

திருத்திய பகுதிகளுக்கு மீண்டும் மீள்மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. பழையவரிடமே கொடுத்துவிடலாம் என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் இப்போது என் விளக்கங்களைப் படித்துவிட்டார், இனி அவர் கண் புதிதல்ல என்று சொல்லி வேறு ஒருவரைக் கேட்டேன். கூடுதல் செலவு என்பதால் நிறுவனம் முதலில் தயங்கியது, பிறகு சம்மதித்தது. வந்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. மருந்து ஆய்வு பற்றி எதுவும் தெரியாதவர். “அம்மா, வாக்கியம் சரியில்லை என்று தோன்றினாலும் நீங்கள் சரிசெய்ய வேண்டாம். கோணலாக இருந்தால் ஆங்கிலமும் கோணலாகவே வரட்டும். இரண்டு பொருள் தந்தால் இரண்டையும் எழுதுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஓர் இடத்தில் இரண்டு பொருள் எழுதி அனுப்பினார். ஒருவர் ஆய்விலிருந்து விலகிய பிறகு அதுவரை எடுத்த ரத்த மாதிரிகள் என்ன ஆகும் என்ற வாக்கியம் அது. ‘நீங்கள் கேட்டுக்கொண்டால் அழிக்கப்படும்வரை மாதிரிகள் பயன்படுத்தப்படும்’ என்ற என் சிக்கலான அமைப்பை அவர் வழியாகத்தான் பார்த்தேன். அதையும் உடைத்தேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்க அடியில் இருக்கும் பதிப்பு எண்ணும் தேதியும் மாற வேண்டும், சான்றிதழிலும் அதே எண் இருக்க வேண்டும். அதில் ஒரு முறை தவறி, நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியதில் ஒரு வாரம் போனது.

இறுதிப் பதிப்பின் இழப்பீட்டுப் பத்தியைப் பூக்கடை அக்காவிடம் மறுபடி படிக்கக் கொடுத்தேன். பூத்தொடுத்த கையோடே படித்து முடித்து, “மாத்திரையால் காமாலை வந்தால் அவர்கள் பொறுப்பு” என்றார். பிறகு நிமிர்ந்து, “யார் அந்த அவர்கள்? யாருக்குப் போன் செய்வது?” என்று கேட்டார். தொலைபேசி எண் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதை இந்தப் பத்தியின் கீழேயும் போட வேண்டும் என்று மூல ஆங்கிலம் எழுதியவர்களுக்கு அன்று மாலையே கடிதம் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் எண் வந்தது.